தேங்காய்த் துருவல், தேங்காய்ப்பால், தேங்காய்ச் சட்னி: வெளியில் எவ்வளவு நேரம் தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய மெஸ், டிபன் கடை, வீட்டிலிருந்தே சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர்கள் ஆகியோருக்குச் சமையலறைச் சுகாதாரம் பற்றி வகுப்பு எடுக்கிறேன். பால், முட்டை, இறைச்சி என்றால் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். தேங்காய் என்று வந்துவிட்டால் அந்த ஜாக்கிரதை போய்விடுகிறது. திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

காலையில அரைச்ச தேங்காய்ச் சட்னி வெளியில எவ்வளவு நேரம் நல்லா இருக்கும்?

இரண்டு மணி நேரம். அறை 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஒரு மணி நேரம்தான். சமைத்த உணவுக்கும் சீக்கிரம் கெடும் பச்சை உணவுக்கும் உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்குதான் இது. பச்சைத் தேங்காய்த் துருவலுக்கும் தேங்காய்ப்பாலுக்கும் இதே கணக்கு. நம் ஊர்ச் சமையலறையில் அடுப்பு எரியும்போது கோடையில்லாத நாளிலும் 32 டிகிரி சாதாரணம் என்பதால், ஒரு மணி நேரம் என்றே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சட்னியை மேசையில் வைத்த நேரத்திலிருந்து இல்லை, தேங்காயைத் துருவி முடித்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். துருவல் அரை மணி நேரம் தட்டில் கிடந்து, அரைத்த பிறகு சட்னி அரை மணி நேரம் வெளியில் இருந்தால், ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. நடுவில் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்காது. வெளியில் இருந்த நேரம் எல்லாம் கூடிக்கொண்டே போகும்.

மூன்று மணி நேரம் கழித்துச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். அது உண்மைதான். இரண்டாவது மணி முடிந்ததும் சட்னி விஷமாகிவிடாது. எந்தச் சட்னியில் எந்தக் கிருமி எவ்வளவு விழுந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால், மோசமாக விழுந்திருந்தாலும் ஆபத்து வராத அளவுக்கு முன்னாலேயே கோடு போட்டிருக்கிறார்கள்.

முழுத் தேங்காய் வாரக்கணக்கில சும்மா கிடக்குது. உடைச்சா மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுது?

விரிசல் இல்லாத நல்ல தேங்காயின் உள்ளே கிருமியே கிடையாது. பருப்பும் தண்ணீரும் சிரட்டைக்குள் மூடிக் கிடக்கின்றன. உடைக்கும் நொடியில் அது மாறிவிடுகிறது. ஓட்டின் மேலிருந்த நார், மண், அரிவாளின் முனை, துருவியின் பற்கள், நம் கை எல்லாம் பருப்பைத் தொடுகின்றன.

தொட்ட கிருமிக்கு அங்கே வேண்டியதெல்லாம் இருக்கிறது. புதுத் துருவலில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதோடு கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் புரதம். புளிப்பு அநேகமாக இல்லை. எண்ணெய்ச் சத்துள்ள பொருள் கெடாது என்று சிலர் நினைக்கிறார்கள். கொப்பரை கெடாமல் இருப்பது எண்ணெயால் இல்லை, காய்ந்து தண்ணீர் போய்விட்டதால்தான்.

மூடியாக இருக்கும்வரை மேல்பரப்பு மட்டும்தான் காற்றுக்கும் கிருமிக்கும் திறந்திருக்கும். துருவிவிட்டால் ஒவ்வொரு பூவும் எல்லாப் பக்கமும் திறந்து கிடக்கும். அதனால் வேலை இருக்கும்போது துருவுங்கள். மீதியை மூடியாகவே ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

துருவல், பால், சட்னி மூணுல எது முதல்ல கெடும்?

நான் அதிகம் பயப்படுவது பாலுக்கு. துருவலை அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கையால் பிசைந்து, துணியில் பிழிகிறோம். அந்த வெதுவெதுப்புதான் கிருமி வேகமாகப் பெருகுவதற்கு ஏற்ற சூடு. துணியைப் பாருங்கள்: போன வாரம் பிழிந்துவிட்டு அலசி, பாதி ஈரத்தில் கொடியில் காய்ந்த துணி. அதன் இழைகளுக்குள் தேங்காய்ப்பிசுக்கு அப்படியே இருக்கும். துணியைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், பிழிவதற்கு முன் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். கம்பி வடிகட்டி இதைவிட நல்லது.

சட்னி அதற்கு அடுத்து. குழாய்த் தண்ணீர், கொத்தமல்லித்தழையில் ஒட்டிய மண், மிக்சி ஜாரின் பிளேடுக்கு அடியில் தங்கும் நேற்றைய மிச்சம் எல்லாம் அதில் சேர்கின்றன. ஜாரைக் கவிழ்த்து மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி மோந்து பார்த்தால் நான் சொல்வது புரியும். அதோடு மிக்சி ஓடும்போது ஜாரும் சட்னியும் சூடாகும். அரைக்கக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இரண்டு பிரச்சினையும் குறையும். தண்ணீர் சேர்க்காத துருவல் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கலாம், ஆனாலும் நேரக்கணக்கை மாற்றும் அளவுக்கு இல்லை.

உப்பு, புளி, பச்சை மிளகாய் எல்லாம் போட்டிருக்கே, அது காப்பாத்தாதா? மேல தாளிச்சும் கொட்டறோமே?

ஊறுகாயைக் காப்பாற்றும் உப்பு வேறு, சட்னியில் போடும் உப்பு வேறு. சட்னியில் நாக்குக்கு அளவாகத்தான் போடுகிறோம். அது கிருமியை நிறுத்தாது. பச்சை மிளகாயின் காரமும் நிறுத்தாது.

புளிக்கு வேலை உண்டு. நன்றாகப் புளிப்பு ஏறிய துவையல், வெறும் தேங்காய்ச் சட்னியைவிடத் தாங்கும். ஆனால் சுண்டைக்காய் அளவு புளி, சட்னியை ஊறுகாய் மாதிரி ஆக்கிவிடாது. மெதுவாக்கும், அவ்வளவுதான்.

தாளிப்பைப் பற்றித் தவறான நம்பிக்கை நிறைய. கரண்டி எண்ணெய் சுடச்சுட விழுந்ததும் சொய்யென்று சத்தம் வருகிறது, மேலே ஒரு விரல் அகலம் சூடாகிறது. கீழே இருக்கும் சட்னிக்கு ஒன்றுமே ஆவதில்லை. தாளித்த பிறகு கிளறி, விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் சட்னி வெதுவெதுப்பாகக்கூட இருக்காது. கறிவேப்பிலையைக் கழுவாமல் போட்டால் கிருமி கூடத்தான் செய்யும்.

மோந்து பார்த்தா தெரிஞ்சிடுமே? ஊசிப்போன வாடை வரலைன்னா சாப்பிடலாம்தானே?

வாடை வந்தால் கெட்டுவிட்டது நிச்சயம். வாடை வரவில்லை என்றால் எதுவும் நிச்சயமில்லை. சட்னியை ஊசிப்போக வைக்கும் கிருமிகள் வேறு, வாந்தி வரவைக்கும் கிருமிகளில் பல வேறு. முதல் வகை புளிப்பு வாடை, நுரை, குமிழி, கரண்டியில் எடுத்தால் நூல் விடுதல் என்று வெளியே காட்டிக்கொடுக்கும். இரண்டாம் வகையில் பலவற்றுக்கு வாடையும் கிடையாது, ருசி மாற்றமும் கிடையாது. நம் மூக்கு, கை, காயம், பருவில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் இதற்கு நல்ல உதாரணம்.

துருவலில் வழவழப்பு, மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புத் திட்டு, சோப்பு போன்ற ருசி, பருப்பில் சிக்கு வாடை ஆகியவை வந்தால் கழுவியோ சுரண்டியோ பயன்படுத்த வேண்டாம். மூடியின் மேல் வழவழப்பு இருந்தாலும் இதேதான். தேங்காயை உடைக்கும்போதே தண்ணீரை ஒரு டம்ளரில் தனியாகப் பிடியுங்கள். புளித்தோ நுரைத்தோ வந்தால் அந்தக் காய் உடைக்கும் முன்பே கெட்டது, பருப்பு வெள்ளையாக இருந்தாலும் வேண்டாம். ஒரே பாத்திரத்தில் நாலு காய்த் தண்ணீரைப் பிடித்தால் கெட்டது எது என்று கண்டுபிடிக்க முடியாது.

அப்போ ஒரு கொதி விட்டுட்டா போதுமே, கிருமி செத்துடுமே?

கிருமி சாகும். அது ஏற்கனவே விட்டுவிட்டுப் போன நஞ்சு சாகாது. மேலே சொன்ன ஸ்டெஃபைலோகாக்கஸ், சட்னியிலோ பாலிலோ நிறையப் பெருகிய பிறகு ஒரு நஞ்சை விடுகிறது. அரை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் அது அழியாது. பேசில்லஸ் சீரியஸ் என்று இன்னொரு கிருமி உண்டு. மண்ணிலிருந்தும் தானியத்திலிருந்தும் வருவது. அதன் வித்துகள் சமையல் சூட்டையே தாங்கும், அதில் ஒரு வகை விடும் நஞ்சு கொதிநிலையையும் தாங்கும்.

அதனால் கொதிக்கவைப்பது முன்னாலேயே செய்தால் உதவும், பின்னால் செய்தால் உதவாது. மதியம் மீந்த குழம்பைச் சுண்டவைத்து ராத்திரி சாப்பிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி, குருமாவை அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து மணி நேரம் மேடையில் வைத்துவிட்டு, பிறகு சூடு பண்ணிப் பயனில்லை. ஆறியதும் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது நன்றாகக் கொதிக்கவைப்பது வேறு. அது சரி.

பிள்ளைக்கு டப்பாவில இட்லி, தேங்காய்ச் சட்னி கொடுத்து அனுப்பறேன். மதியம்தான் சாப்பிடும். இது ஆபத்தா?

ஆபத்துதான். ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 6.30க்குத் துருவி அரைக்கிறீர்கள், 7.00க்குத் தாளித்து, சூடான இட்லிக்குப் பக்கத்தில் சட்னிக் கிண்ணத்தை வைத்து மூடுகிறீர்கள். இட்லிச் சூட்டில் சட்னி 40 டிகிரிக்குப் போகலாம். பள்ளி வண்டி, வகுப்பறை, ஜன்னலோரம் பை. மதியம் 12.30க்குத் திறக்கும்போது ஆறு மணி நேரம் ஆகிவிட்டது.

முதல் ஒரு மணி நேரம் கிருமி புது இடத்துக்குப் பழகும் நேரம், பெரிதாகப் பெருகாது. அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாவதாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சூட்டில் இதைவிட வேகமாகவும் பெருகும். ஐந்து மணி நேரத்தில் பத்து முறை இரட்டிப்பு, அதாவது ஆயிரம் மடங்கு. ஒரு கிராம் சட்னியில் ஆயிரம் கிருமி இருந்தால் மதியத்துக்குள் பத்து லட்சம். ஸ்டெஃபைலோகாக்கஸாக இருந்தால் நஞ்சு விடப் போதுமான எண்ணிக்கை அது. எல்லா நாளும் இப்படி ஆகாது, ஏனென்றால் எல்லா நாளும் அந்தக் கிருமி விழுந்திருக்காது. விழுந்த நாள் எது என்று காலையில் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

டப்பாவுக்கு இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் போதும், அல்லது புளி நன்றாகச் சேர்த்து எண்ணெயில் சுருளவதக்கிய தக்காளித் தொக்கு. தேங்காய் இல்லாமல் முடியாது என்றால் தேங்காயைப் பொன்னிறமாக ஈரம் போக வறுத்து, பருப்பு, மிளகாய், புளியோடு தண்ணீர் விடாமல் பொடியாக அரைத்துக் கொடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கரைத்தால் பழைய கதைதான். பச்சைச் சட்னியே வேண்டுமென்றால், முந்தின நாள் அரைத்த உடனே சின்ன எவர்சில்வர் டப்பியில் உறையவைத்து, காலையில் ஐஸ் பாக்கெட்டோடு சூடு காக்கும் பையில், இட்லியைத் தொடாமல் வைக்க வேண்டும். மதியம் தொட்டுப் பார்த்தால் இன்னும் சில்லென்று இருக்க வேண்டும். அறைச் சூட்டுக்கு வந்திருந்தால் அந்த ஏற்பாடு பலிக்கவில்லை.

ஓட்டல் பார்சல்ல வர்ற சட்னியை ராத்திரிக்கு எடுத்து வைக்கலாமா?

வேண்டாம். அது எப்போது அரைத்தது என்று உங்களுக்குத் தெரியாது. பெரிய பாத்திரத்தில் காலையில் அரைத்ததில் தண்ணீர் விட்டு விட்டு நீட்டியதாக இருக்கலாம். பார்சலில் கொதிக்கும் சாம்பார்ப் பைக்கும் சட்னிப் பைக்கும் ஒரே கவர். சட்னிப் பையைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். வந்ததும் சட்னியைத் தனியே எடுத்து அப்போதே சாப்பிட்டுவிட்டு, மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

கடை நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. காலைக்கு மொத்தமாக ஒரு தவலை அரைப்பதைவிட, ஒரு மணி நேரத்துக்கு ஆகும் அளவை மட்டும் அரைத்து, துருவலை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு அவ்வப்போது அரையுங்கள். பழைய சட்னி இருக்கும் பாத்திரத்தில் புதுச் சட்னியை ஊற்றாதீர்கள். அப்படி ஊற்றினால் புதுச் சட்னிக்கும் பழையதன் வயதுதான்.

ஃப்ரிட்ஜில எத்தனை நாள், ஃப்ரீசர்ல எத்தனை நாள் வைக்கலாம்?

துருவிய உடனே மூடிபோட்ட டப்பாவில் வைத்தால் துருவல் ஃப்ரிட்ஜில் இரண்டு, மூன்று நாள். சட்னி மறுநாள்வரை. பச்சைத் தேங்காய்ப்பால் ஒரு நாள். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இந்தக் கணக்கு. அடிக்கடி திறக்கும் கதவின் தட்டில் வைக்காதீர்கள். கடையில் வாங்கிய தேங்காய்ப்பால் அட்டைப்பெட்டி பிரிக்காதவரை வெளியில் இருக்கலாம். பிரித்த நிமிடத்திலிருந்து அதுவும் பச்சைப்பால் மாதிரிதான்.

ஃப்ரீசரில் துருவல் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். ஒரு வேளைக்கு ஆகும் அளவாகத் தட்டையான பைகளில் பிரித்து வையுங்கள். மொத்தப் பையையும் எடுத்து, வெளியில் இளகவிட்டு, கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப உறையவைப்பதில்தான் பாழாகிறது.

மின்வெட்டு என்றால், கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம்வரை குளிர்ச்சியைத் தாங்கும். அதற்கு மேல் போனால் பாலையும் சட்னியையும் விட்டுவிடுங்கள்.

பால் மேல கெட்டியா, கீழ தண்ணியா பிரிஞ்சிடுச்சு. கெட்டுப்போச்சா?

இல்லை. கொழுப்பு மேலே வருவது தேங்காய்ப்பாலின் இயல்பு. ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே கட்டியாகவே உறையும். கலக்கினால் சேர்ந்துகொள்ளும். கலக்கியும் சேராமல் திரிதிரியாக நின்று, புளிப்பு வாடையும் வந்தால்தான் கெட்டது. அடுப்பில் கொதித்துத் திரிந்துபோவது வேறு. அதில் புரதம் கட்டிப்பட்டிருக்கிறது, ருசிதான் குறை.

ஆப்பம், இடியாப்பத்துக்குப் பாலைச் சுட வைக்காமத்தான் ஊத்துவோம். விசேஷத்துக்கு முந்தின ராத்திரியே பிழிஞ்சு ஃப்ரீசர்ல வச்சுட்டா சரியா?

கொதிக்காமல் ஊற்றும் பால்தான் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது. சொதியிலும் கடைசியில் சேர்க்கும் முதல் பாலைக் கொதிவிடாமல்தான் இறக்குகிறோம். ஆக, பிழியும்போது விழுந்த கிருமி அப்படியே இலைக்குப் போகிறது. ஃப்ரீசர் அதைக் கொல்லாது, தூங்கவைக்கும். 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் மேரிலாந்தில் சிலருக்குக் காலரா வந்தது. விசாரித்தபோது, தாய்லாந்திலிருந்து உறையவைத்து வந்த தேங்காய்ப்பாலில்தான் போய் நின்றது. அரிசிப் பாயசத்தின் மேல் அந்தப் பாலை ஊற்றியிருந்தார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் பாலை அடிகனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். ஓரத்தில் ஆவி வந்து, சின்னக் குமிழி தலைகாட்டும் முன் தீயைக் குறைத்து, அதே சூட்டில் கால் மணி நேரம் கிளறுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் 70 டிகிரிக்குச் சற்று மேல். 80ஐ நெருங்கினால் திரியத் தொடங்கும். பிறகு பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பந்தியில் ஒரு அண்டாவை முழுவதும் வெளியே எடுக்காமல், பந்திக்கு ஒரு தூக்காக எடுங்கள்.

பால் பிழிஞ்ச சக்கையை ஒரு டப்பாவில போட்டு வச்சு மறுநாள் பொரியலுக்குப் போடலாமா?

பிழிந்த உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் பொரியலில் வதக்கலாம். வெளியில் வைத்ததை வேண்டாம். சாரம் போன சக்கைதானே என்று நினைக்கக்கூடாது. அதில் ஈரமும் எண்ணெயும் இன்னும் இருக்கின்றன.

இந்தோனேசியாவின் ஜாவாவில் தேங்காய்ச் சக்கையைப் பூஞ்சை சேர்த்துப் புளிக்கவைத்துத் தெம்பே போங்ரெக் என்று ஓர் உணவு செய்தார்கள். புளிப்பு சரியாக வராத சமயத்தில் அதில் ஒரு பாக்டீரியா புகுந்து போங்ரெக்கிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கியது. வேகவைத்தாலும் போகாத நஞ்சு. பல ஊர்களில் உயிர்கள் போயின, 1988இல் அரசு அதைத் தடை செய்தது. நாம் அப்படிப் புளிக்கவைப்பதில்லை, ஒருநாள் கிடந்த சக்கையில் அதுதான் வரும் என்றும் சொல்லவில்லை. ஆனால் தேங்காய்ச் சக்கை எவ்வளவு நல்ல விளைநிலம் என்பது இதில் தெரிகிறது.

சாப்பிட்டாச்சு. இப்பதான் இதெல்லாம் படிக்கிறேன். என்ன செய்யணும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வேண்டுமென்றே வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். ஸ்டெஃபைலோகாக்கஸ் நஞ்சு என்றால் ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் திடீர் வாந்தி வரும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். சால்மொனெல்லா போன்றவை என்றால் ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள்வரை ஆகலாம், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேரும். உப்புச் சர்க்கரைக் கரைசலை வாய்வாயாகக் கொடுங்கள். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்றால் உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தியாகப் போவது, சிறுநீர் மிகக் குறைவது, அரிசி கழுவிய தண்ணீர் போல வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை நோயாளி என்றால் இவ்வளவு தூரம் காத்திருக்காமல் முன்பே போய்விடுங்கள். ஒன்றாகச் சாப்பிட்ட பலருக்கும் வந்திருந்தால், மீந்த சட்னியைக் கொட்டாமல் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, எத்தனை மணிக்கு அரைத்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதை எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.